இரண்டரையா, பன்னிரண்டரையா: ஒரு ஜெர்மன் கெப்பாசிட்டர் லேபிளைத் தமிழில் எழுதியபோது நடந்தவை

கோயம்புத்தூரில் ஒரு மரவேலைப் பட்டறை. அங்கே ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்த பழைய பேண்ட்சா ஒன்று இருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஓடும் சிறிய மரம் அறுக்கும் இயந்திரம். ஒரு நாள் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமியது, ஆனால் சுற்றவில்லை. வழக்கமாகப் பட்டறைக்கு வரும் எலெக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்துவிட்டு, கண்டென்சர் போய்விட்டது என்றார். மோட்டார் சுற்றத் தொடங்கவும் தொடர்ந்து ஓடவும் உதவும் ரன் கெப்பாசிட்டரைத்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் கண்டென்சர் என்பார்கள்.

பழையதைக் கழற்றி அதே மதிப்பில் புதியதைப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அதன் லேபிள் ஜெர்மன் மொழியில் இருந்தது. பட்டறை உரிமையாளர் தம் எல்லா இயந்திரங்களுக்கும் தமிழில் ஒரு பராமரிப்புத் தாள் வைத்திருப்பவர். லேபிளைக் கைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பி, அப்படியே தமிழில் எழுதித் தரச் சொன்னார். தொழில்நுட்பத் தாள்களை மொழிபெயர்ப்பது என் வேலை. நான்கு வரி லேபிள்தானே, கால் மணி நேரத்தில் முடியும் என்று உட்கார்ந்தேன். முடிய மூன்று நாள் ஆயிற்று. முதலில் அனுப்பிய தாளில் ஒரு மதிப்பு தவறாகவும் இருந்தது. அந்தத் தவறு எங்கே நுழைந்தது, எப்படிப் பிடிபட்டது, கடைசித் தாள் எப்படி அமைந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் தாளில் நடந்த தவறு

எனக்கு வந்த படத்தில் கெப்பாசிட்டர் மேசைமேல் படுத்திருந்தது. அலுமினிய உருளை; அதன் உடம்பைச் சுற்றி எழுத்து அச்சாகியிருந்தது. மேலே டியூப் லைட்டின் வெளிச்சம் நீளமான வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. முதல் வரியில் எனக்குத் தெரிந்தது `2,5 µF ±5 %`. ஜெர்மன் மொழியில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவார்கள் என்பது தெரிந்ததுதான். எனவே 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதினேன். சந்தேகமே வரவில்லை.

ஏன் வரவில்லை என்று பிறகு யோசித்தேன். 2.5 என்பது நம் வீட்டுச் சீலிங் ஃபேன் கெப்பாசிட்டரில் நாம் அடிக்கடி பார்க்கிற எண். படத்தில் இருந்தது பாதி, மனத்தில் இருந்தது மீதி. இரண்டும் சேர்ந்து ஒரு முழு எண்ணாகிவிட்டது. முன்பின் பார்த்திராத எண்ணாக இருந்திருந்தால் படத்தைப் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்திருப்பேன்.

மறுநாள் காலை எலெக்ட்ரீஷியன் கூப்பிட்டார். "அண்ணா, 2.5னு எழுதியிருக்கீங்க. அது சீலிங் ஃபேனுக்குப் போடறதுங்க. இந்த டப்பா அதுக்கு ரொம்பப் பெருசுங்களே. படத்தை இன்னொருக்கா பாருங்க" என்றார்.

அவர் சொன்ன காரணம் சரியானது. ஒரே வகைப் படலத்தில், ஒரே மின்னழுத்தத்துக்குச் செய்த கெப்பாசிட்டர்களில் மதிப்பு கூடக் கூட உடம்பும் பெருக்கும். 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிற அளவுதான் இருக்கும். அவர் கையில் இருந்தது டார்ச் லைட் பருமன்.

சரி, வேறெங்காவது இந்த மதிப்பு எழுதியிருக்குமா என்று தேடினோம். மோட்டாரின் உடம்பில் ஒரு தகடு ஆணியடித்து இருந்தது. அதைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் இருந்தது இது:

```
1~  230 V  50 Hz  0,37 kW  1400 min⁻¹
C  12,5 µF / 400 V
```

12,5. அதாவது பன்னிரண்டரை. உருளையின் வளைவில் மறுபக்கம் திரும்பிப் போன '1' என் படத்தில் விழவே இல்லை. 2.5 போட்டிருந்தால் மோட்டாரின் துணைச் சுருளுக்குக் கிடைக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். புதுக் கெப்பாசிட்டருடனும் மோட்டார் பழையபடி உறுமிக்கொண்டுதான் நின்றிருக்கும். கோளாறு சுருளில் இருக்கிறது என்று நினைத்து மோட்டாரையே ரீவைண்டிங்குக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

அந்தத் தகட்டிலும் ஒரு பள்ளம் இருந்தது, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுகிறேன். `1400 min⁻¹` என்றால் நிமிடத்துக்கு 1400 சுற்று. மேலே ஏறியிருக்கும் சிறிய −1 தேய்ந்துபோய் அல்லது படத்தில் மங்கிப்போய் 'min' மட்டும் தெரிந்தால், அதைக் 'குறைந்தபட்சம் 1400' என்று எழுதிவிடுவது மிகச் சுலபம். எண் மாறவே மாறாது, பொருள் தலைகீழாகும்.

படத்தை மறுபடி எடுத்த விதம்

உருளைமேல் அச்சான லேபிளை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. நேராகப் பார்க்கும்போது சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் எழுத்து ஒழுங்காகத் தெரியும். அதற்கு மேல் போனால் எழுத்து நெருங்கி, ஒல்லியாகி, கடைசியில் காணாமல் போகும். அதனால் முதலில் கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, அதைக் கால்வட்டம் கால்வட்டமாகச் சுழற்றி நான்கு படம் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கடைசி இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பவும் வர வேண்டும். அப்போதுதான் இடையில் எதுவும் விழுந்துபோகவில்லை என்று தெரியும்.

வெளிச்சத்துக்கு வாசல் பக்கம் நிழலில் வைத்து, கேமராவின் ஃபிளாஷை அணைத்துவிடச் சொன்னேன். பளபளப்பான அலுமினியத்தில் நேர் வெளிச்சம் பட்டால் மெல்லிய கோடுகள்தான் முதலில் அழியும். இந்த லேபிளில் மெல்லிய கோடுகள் எவை என்று பார்த்தால் வயிறு கலங்கும்: காற்புள்ளி, கூட்டல் கழித்தல் குறி, மாறுமின்னோட்டத்தைக் குறிக்கும் அலைக்கோடு. பெரிய எழுத்தில் இருக்கும் 400 தப்பித்துவிடும். அதன் பக்கத்தில் இருக்கும் `~` போய்விட்டால் 400 வோல்ட் ஏசி என்பது வெறும் 400 வோல்ட் ஆகிவிடும். டிசிக்கு 400 வோல்ட் என்று செய்த கெப்பாசிட்டரை ஏசி மோட்டாரில் போட்டால் அது நிலைக்காது.

இன்னொன்று: படத்தை அரட்டைச் செயலியில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கோப்பாக அனுப்பினால் எடுத்தபடியே வரும். முதல் நாள் வந்த படத்தையும் மறுநாள் கோப்பாக வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் காற்புள்ளிக்கும் புள்ளிக்கும் வேறுபாடு கண்டுபிடிக்கவே முடியவில்லை.

நான்கு படங்களையும் சேர்த்து வாசித்தபோது முழு லேபிள் இப்படி இருந்தது:

```
MKP   12,5 µF ±5 %   SH
400 V~  50/60 Hz  Kl. B  10.000 h
450 V~  50/60 Hz  Kl. C   3.000 h
25/85/21   S0   IEC 60252-1
```

இதைத் தட்டச்சு செய்த பிறகும் உடனே மொழிபெயர்க்கத் தொடங்கவில்லை. எலெக்ட்ரீஷியனைக் கைபேசியில் அழைத்து, கெப்பாசிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். நான் என் திரையைப் பார்த்துச் சரிபார்த்தேன். நான்காம் வரிக்கு வந்தபோது அவர் "ஐம்பது" என்று படித்தார். நான் எழுதியிருந்தது S0. மறுபடி பார்க்கச் சொன்னேன். எஸ்ஸும் ஐந்தும் அந்த அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. மேல்வரியிலேயே 50/60 ஹெர்ட்ஸ் இருந்ததால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. ஐந்தின் தலை நேர்க்கோடு. எஸ்ஸின் தலை வளைவு. அது S0தான். கெப்பாசிட்டர் பழுதாகும்போது தனிப் பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லை என்பதைக் காட்டும் குறி அது. 50 என்று எழுதியிருந்தால் அலைவெண் இரண்டாம் முறை வந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள், கேள்வியே எழாது.

காற்புள்ளியும் புள்ளியும்

இந்த லேபிளில் 12,5 இருக்கிறது, 10.000 இருக்கிறது. முதலாவதில் காற்புள்ளி தசமத்தைக் காட்டுகிறது. இரண்டாவதில் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கிறது. நாம் எழுதும் முறைக்கு இரண்டும் நேர் எதிர். நம் வழக்கப்படி வாசித்தால் இரண்டாம் வரி கெப்பாசிட்டருக்குச் சொல்லும் ஆயுள் பத்து மணி நேரம்.

பத்தாயிரம்தான் என்று எப்படி உறுதிசெய்வது? ஜெர்மன் வழக்கம் அப்படி என்பது ஒரு சான்று. இன்னொரு சான்று லேபிளிலேயே இருக்கிறது. கடைசியில் குறித்திருக்கும் ஐஇசி 60252-1 என்ற தரநிலை, மோட்டார் கெப்பாசிட்டர்களை ஆயுளின்படி நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது: ஏ வகுப்புக்கு 30,000 மணி, பி வகுப்புக்கு 10,000, சி வகுப்புக்கு 3,000, டி வகுப்புக்கு 1,000. லேபிளில் பி வகுப்புக்கு நேரே 10.000, சி வகுப்புக்கு நேரே 3.000. ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன.

இப்போது மொழிபெயர்ப்பாளரின் கேள்வி வருகிறது. தமிழ்த் தாளில் 12,5 என்று விடுவதா, 12.5 என்று மாற்றுவதா? எடைகள் அளவைகளுக்கான பொது மாநாடு 2003இல் எடுத்த முடிவின்படி தசமக் குறியாகப் புள்ளியும் இருக்கலாம், காற்புள்ளியும் இருக்கலாம். ஆயிரங்களைப் பிரிக்க இரண்டையுமே பயன்படுத்தக் கூடாது, இடைவெளிதான் விட வேண்டும். அந்த விதிப்படி லேபிளின் 10.000 என்பதே சரியான எழுத்துமுறை அல்ல. அதைத் திருத்தும் உரிமை எனக்கு உண்டா?

இல்லை என்று முடிவு செய்தேன். தாளை இரண்டு பத்தியாகப் பிரித்தேன். இடப்பக்கம் லேபிளில் உள்ளது உள்ளபடி, ஒரு புள்ளிகூட மாறாமல். வலப்பக்கம் அதன் பொருள், தமிழில், நம் எண் எழுதும் முறையில். வலப்பக்கம் 12.5 என்றும் 10,000 மணி என்றும் வரும். நாளைக்கு வேறொருவர் கெப்பாசிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தால், இடப்பத்தியை லேபிளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். நான் வாசித்ததில் தவறு இருந்தால் அங்கே அகப்படும். பொருள் சொன்னதில் தவறு இருந்தால் வலப்பக்கத்தில் அகப்படும். இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதினால் எந்தத் தவறு எங்கே நடந்தது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

இந்தத் தாளை விரிதாளில் தயாரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் அமைப்பில் உள்ள கணினியில் 10.000 என்று தட்டினால், அது எண் என்று எடுத்துக்கொண்டு 10 என்று சுருக்கிவிடும். கட்டங்களை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

இரண்டு மின்னழுத்தம் ஒரு வரம்பு அல்ல

என் முதல் தாளில் இன்னொரு பிழையும் இருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானேதான் பிறகு பார்த்தேன். இரண்டாம் மூன்றாம் வரிகளைச் சேர்த்து '400 முதல் 450 வோல்ட் ஏசி வரை' என்று எழுதியிருந்தேன். படிக்க நன்றாக இருந்தது. எண் எதுவும் மாறவில்லை. ஆனாலும் அது பொய்.

லேபிள் சொல்வது வேறு. இந்தக் கெப்பாசிட்டர் 400 வோல்ட்டில் ஓடினால் பி வகுப்பு, 10,000 மணி நேரத்துக்கு உரியது. அதே கெப்பாசிட்டர் 450 வோல்ட்டில் ஓடினால் சி வகுப்பு, 3,000 மணி நேரம். மின்னழுத்தம், வகுப்பு, மணி மூன்றும் ஒரு கட்டு. ஒரு கட்டிலிருந்து ஒன்றை உருவி இன்னொன்றில் சேர்க்க முடியாது. 'முதல், வரை' என்று எழுதியதும், எந்த மின்னழுத்தத்திலும் பத்தாயிரம் மணி ஓடும் என்ற பொருள் வந்துவிட்டது. மாற்றுக் கெப்பாசிட்டர் தேடுகிறவர் '450 வோல்ட், 10,000 மணி' என்று கடையில் கேட்பார். அப்படி ஒரு மதிப்பு இந்த லேபிளில் கிடையாது.

அதனால் கடைசித் தாளில் இரண்டு வரிகளும் இரண்டு வரிகளாகவே இருக்கின்றன. லேபிளில் வரி எங்கே உடைகிறதோ அங்கே தமிழிலும் உடைய வேண்டும்.

எழுதப்படாத கழித்தல் குறி

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது `25/85/21`. பார்க்கத் தேதி மாதிரி இருக்கும், ஆனால் அது தட்பவெப்பக் குறியீடு. முதல் எண் கெப்பாசிட்டர் வேலை செய்யக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை. இரண்டாவது மிக அதிக வெப்பநிலை. மூன்றாவது, ஈரமும் வெப்பமும் நிலையாக உள்ள அறையில் எத்தனை நாள் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது. இங்கே 21 நாள்.

முதல் எண்ணில்தான் சிக்கல். அந்த 25க்குப் பொருள் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். குறியீட்டில் கழித்தல் குறி எழுத மாட்டார்கள். அது இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. குறைந்த வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே இருந்தால்தான் கூட்டல் குறி போடுவார்கள்.

'வெப்பநிலை 25 முதல் 85 டிகிரி வரை' என்று மொழிபெயர்த்தால் லேபிளில் உள்ள எண்களை அப்படியே எழுதியதாகத்தான் தோன்றும். ஆனால் மதிப்பு 50 டிகிரி நகர்ந்துவிட்டது. கோயம்புத்தூரில் மார்கழி விடியற்காலையில் வெப்பநிலை 25க்குக் கீழே போகும். அந்தத் தாளை நம்பினால் அன்றைக்கு இயந்திரத்தை ஓட்டவே கூடாது. மாறாக, இடப்பக்கத்தில் நானே ஒரு கழித்தல் குறியைச் சேர்த்து −25/85/21 என்று எழுதினால், பொருள் சரி, ஆனால் லேபிளில் இல்லாத ஒன்றை லேபிளின் பெயரால் எழுதியவன் ஆவேன். அதே குறியீட்டை வைத்து யாராவது பட்டியலில் தேடினால் கிடைக்காது.

குறியில்லாத குறியீடு இடப்பக்கம். குறியுள்ள வெப்பநிலை வலப்பக்கம். இரண்டு பத்தி முறை இல்லாமல் இந்த ஒரு வரியை நேர்மையாக எழுத எனக்கு வேறு வழி தெரியவில்லை.

டாலரன்ஸுக்கு எந்தச் சொல்

முதல் வரிக்குத் திரும்புகிறேன். ±5 %. இங்கே எண்ணில் பிரச்சினை இல்லை, தமிழ்ச் சொல்லில் இருக்கிறது. அகராதியைப் பார்த்தால் டாலரன்ஸ் என்பதற்குத் தாங்குதிறன், சகிப்பு என்றெல்லாம் கிடைக்கும். முதல் தாளில் நான் 'தாங்குதிறன் ±5 %' என்று எழுதியிருந்தேன். எலெக்ட்ரீஷியன் அதை வோல்டேஜ் ஐந்து சதவீதம் ஏறி இறங்கினால் தாங்கும் என்று புரிந்துகொண்டார். அவர்மேல் குற்றமில்லை, அந்தச் சொல்லுக்குத் தமிழில் அதுதான் பொருள். சதவீதம் எதைச் சார்ந்தது என்பதே மாறிவிட்டது. கடைசித் தாளில் 'மதிப்பு விலகல் (டாலரன்ஸ்)' என்று எழுதி, 12.5 மைக்ரோஃபாரட்டிலிருந்து கூடவோ குறையவோ 5 சதவீதம் என்று விரித்தேன்.

உரிமையாளர் கூடவே ஒரு தரவுத்தாளின் படத்தையும் அனுப்பியிருந்தார். அதில் 'நென்' என்று தொடங்கும் ஜெர்மன் சொற்கள் இருந்தன. ஆங்கிலத்தில் ரேட்டட் என்பார்கள். இதைத் தமிழில் பலரும் 'மதிப்பிடப்பட்ட மின்னழுத்தம்' என்று எழுதுகிறார்கள். மதிப்பிடுவது என்றால் தமிழ்க் காதுக்கு உத்தேசமாகக் கணிப்பது. 400 வோல்ட் என்பது யாரும் உத்தேசமாகச் சொன்னதல்ல. உற்பத்தியாளர் உறுதி கொடுத்து நிர்ணயித்தது. அதனால் 'நிர்ணயித்த மின்னழுத்தம்' என்று எழுதினேன்.

அடுத்து வந்தது கணக்கு. 12.5இல் 5 சதவீதம் 0.625. ஆக, புதுக் கெப்பாசிட்டர் 11.875இலிருந்து 13.125 வரை எங்கே இருந்தாலும் சரி. இதையும் தாளில் போட்டால் உதவியாக இருக்குமே என்று உரிமையாளர் கேட்டார். '12 முதல் 13 வரை என்று எளிமையாகப் போடுங்கள்' என்றார். எளிமையாக்கினால் 11.9 காட்டுகிற நல்ல கெப்பாசிட்டர் கழிவுக்குப் போகும். வெளிப்பக்கமாக முழுமையாக்கி 11.8 என்று போட்டால் கெட்டது உள்ளே வரும். வேண்டுமானால் முழு எண்ணையே போட வேண்டும், அதையும் லேபிள் சொன்னதாக அல்லாமல் கணக்கிட்டதாகக் குறிக்க வேண்டும் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார்.

தரவுத்தாளில் இழப்புக் காரணி `≤ 20 · 10⁻⁴` என்று இருந்தது. மேலே ஏறிய −4 சாதாரண எழுத்தாக இறங்கிவிட்டால் இருபது பெருக்கல் பத்து, கழித்தல் நான்கு, 196 என்று ஆகிவிடும். அதை 0.002 என்று மாற்றி எழுதலாம், மதிப்பு ஒன்றுதான். ஆனால் பத்தின் அடுக்கில் எழுதியதை நான் அப்படியே விட்டேன். அடுத்த தாளில் வேறொரு கெப்பாசிட்டர் 10⁻⁴ கணக்கில் வரும்போது இரண்டையும் ஒப்பிட எளிது.

கடைசித் தாளும் அச்சுக்கடையும்

முடிவில் தாள் இப்படி நின்றது:

| லேபிளில் உள்ளபடி | பொருள் |
|---|---|
| `MKP` | உலோகம் பூசிய பாலிப்ரொப்பிலீன் படலம் |
| `12,5 µF ±5 %` | 12.5 மைக்ரோஃபாரட்; மதிப்பு விலகல் (டாலரன்ஸ்) கூடவோ குறையவோ 5 சதவீதம். கணக்கிட்டால்: 11.875 முதல் 13.125 வரை |
| `SH` | படலத்தில் சிறு பழுது விழுந்தால் தானே சரிசெய்துகொள்ளும் வகை |
| `400 V~  50/60 Hz  Kl. B  10.000 h` | 400 வோல்ட் ஏசி, 50 அல்லது 60 ஹெர்ட்ஸ்; பி வகுப்பு, 10,000 மணி |
| `450 V~  50/60 Hz  Kl. C   3.000 h` | 450 வோல்ட் ஏசி, 50 அல்லது 60 ஹெர்ட்ஸ்; சி வகுப்பு, 3,000 மணி |
| `25/85/21` | தட்பவெப்பக் குறியீடு: மைனஸ் 25 முதல் பிளஸ் 85 டிகிரி செல்சியஸ் வரை, ஈரவெப்பச் சோதனை 21 நாள் |
| `S0` | தனிப் பழுதுப் பாதுகாப்பு இல்லை |
| `IEC 60252-1` | தரநிலையின் எண் |

உரிமையாளர் இதை லேமினேட் செய்ய ஓர் அச்சுக்கடைக்குக் கொடுத்தார். அங்கே பழைய, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் மாற்றித்தான் அச்சிடுவார்கள். வந்த தாளில் ± இருந்த இடத்திலும் µ இருந்த இடத்திலும் தமிழ் எழுத்து நின்றது. அந்தப் பழைய எழுத்துருக்களில் அந்தக் குறிகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகளை அடைத்து வைத்திருப்பார்கள். இங்கே பிழை கண்ணில் குத்தியதால் உடனே தெரிந்தது. ஆபத்தானது இன்னொரு வகை. சிம்பல் என்ற எழுத்துருவில் µ எழுத, விசைப்பலகையில் 'm' தட்ட வேண்டும். அந்த எழுத்துரு தவறிப்போனால் µF என்பது mF ஆகிவிடும். ஆயிரம் மடங்கு வேறுபாடு, ஆனால் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். தாளை யூனிகோடிலேயே பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவையும் உள்ளே பதித்து, மறுபடி அச்சிடக் கொடுத்தேன். வந்த அச்சை லேபிளின் படத்தோடு வைத்து மீண்டும் எழுத்துக்கு எழுத்து பார்த்தோம்.

எலெக்ட்ரீஷியன் பழைய கெப்பாசிட்டரை மீட்டரில் வைத்தார். 9.1 மைக்ரோஃபாரட் காட்டியது. 11.875க்கு வெகு கீழே. மோட்டார் உறுமியதற்குக் காரணம் அதுதான். கடையில் கிடைத்தது 12.5 மைக்ரோஃபாரட், ±5 சதவீதம், 440 வோல்ட் ஏசி, பி வகுப்பு. "440 இருக்குதுங்க, போடலாங்களா?" என்று கேட்டார். பழையது பி வகுப்பில் 400 வோல்ட், புதியது அதே வகுப்பில் 440. மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை தடை இல்லை என்று சொன்னேன். ஆனால் அதைத் தாளில் எழுதவில்லை. அது லேபிள் சொன்னதல்ல, எங்கள் இருவரின் முடிவு. புதியது மீட்டரில் 12.3 காட்டியது. மாட்டியதும் பேண்ட்சா முதல் சுவிட்சிலேயே சுற்றியது.

புதுக் கெப்பாசிட்டரின் லேபிளையும் நான்கு பக்கம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் தனியாக ஒரு தாள் வரும். ஜெர்மன் லேபிளின் தாள் கோப்பில் அப்படியே இருக்கும்; அதன் தலைப்பில் 'இயந்திரத்தோடு வந்த கெப்பாசிட்டர்' என்று மட்டும் சேர்த்திருக்கிறோம்.